ஈரம் தாங்கும் ரகம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மூணாம் கட்டம்’ என்று பெயர். ஃபிட்டர்கள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவளே சிரித்துவிட்டதால் முகத்துக்கு நேரேயும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சமையலறை அலமாரியும் துணி அலமாரியும் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. புகார் பார்ப்பது அவள் வேலை. பலகை உப்பிவிட்டது, கதவு தொங்குகிறது, லேமினேட் உரிகிறது என்று யாராவது போன் செய்தால் டார்ச்சையும் அளவு டேப்பையும் ஈரம் அளக்கும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். பார்த்து முடித்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் மூன்று கட்டங்கள். ஒன்று, தயாரிப்பில் குறை. இரண்டு, உபயோகத்தில் குறை. மூன்று, வெளியிலிருந்து நீர்க்கசிவு. முதல் கட்டத்தில் டிக் விழுந்தால் நிறுவனம் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். மூன்றாவதில் விழுந்தால் பிளம்பரைப் பாருங்கள் என்று ஒரு கடிதம் போகும், அதோடு சரி. அவள் டிக் பெரும்பாலும் மூன்றாவதில்தான் விழும். அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பலகை தானாக உப்பாது. எங்கிருந்தோ தண்ணீர் வந்துதானே ஆக வேண்டும்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். “நான் ஆளுங்கள மேல ஏத்துறேன், நீ போய் கீழ இறக்கிவிட்டுட்டு வர்ற,” என்று சாப்பிடும்போது சொல்வான். அவளும் சிரிப்பாள். இருபது வருஷமாகப் பலகையோடு கிடந்தவளுக்கு அதற்குமேல் வருத்தப்பட நேரமில்லை. முதலில் ஷோரூம் வரவேற்பில் உட்கார்ந்தாள். அப்புறம் வீடு வீடாகப் போய் அளவெடுத்தாள். மண்டி போட்டு அளந்து அளந்து முட்டி தேய்ந்த பிறகு புகார் பிரிவுக்கு மாற்றினார்கள். பலகையை விரலால் தட்டினாலே நடுவில் பொள்ளல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். விளிம்பைப் பார்த்தால் போதும், கறுத்த கோந்து ஓடுகிறதா, வெளுத்த கோந்து ஓடுகிறதா என்று கண்டுகொள்வாள். கறுப்பு என்றால் பெரும்பாலும் பி.டபிள்யூ.பி., கொதிக்கிற தண்ணீரில் மூன்று நாள் கிடந்தாலும் பிரியாத ரகம். வெளுப்பு என்றால் எம்.ஆர்., ஈரம் தாங்கும் ரகம்.

அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கூடத்தில் அந்த அம்மாவின் கணவர் டிவியைப் போடாமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

கடைசி அறை பூட்டியிருந்தது. அந்த அம்மா சாவி போட்டுத் திறந்ததும் அவளுக்கு மூக்கு முதலில் சொல்லிவிட்டது. நாள்பட்ட ஈரம், பூஞ்சை, நனைந்த துணி. சுவர் முழுக்க ஒரு துணி அலமாரி நின்றது. வெளிர் ஊதா நிற லேமினேட். முன்பக்கம் பார்த்தால் நேற்று மாட்டியது போலப் பளபளப்பு. லேமினேட்டை நம்பி ஏமாறுகிற இடம் அதுதான். அது தண்ணீருக்கு அசையாது. அதனாலேயே உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது.

கதவைத் திறந்தாள். கீல் பதிந்த குழியைச் சுற்றித் துரு வட்டம் போட்டிருந்தது. பின் பலகை வயிறு வைத்துத் துருத்திக்கொண்டு, ஒரு ஓரத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து புத்தகம் மாதிரி விரிந்திருந்தது. அடிப்பலகை விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. தொங்கிய சுடிதார்கள், ஒரு கல்லூரி கோட்டு, இரண்டு பட்டுத் துணிகள் எல்லாவற்றிலும் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். மீட்டரின் ஊசிகளைப் பின் பலகையில் குத்தினாள். முப்பத்தொன்று காட்டியது. பன்னிரண்டு காட்ட வேண்டிய இடம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். ஷவருக்குப் போகிற குழாய் சுவருக்குள் எங்கோ இணைப்பு விட்டு, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஈரம் தெரிகிறது என்று சொல்லி, பிளம்பர் பார்க்க வந்தபோதுதான் இந்த அறையையே திறந்தார்களாம்.

அதுவரை ஏன் திறக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. அந்த அம்மாவே சொன்னாள். அவர்களுடைய ஒரே மகளின் அறை. பத்தொன்பது வயது. மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் போய்விட்டாள். பதினாறு மாதம் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் அவள் வாசனை போய்விடும் என்று அம்மா அறையைச் சாத்திப் பூட்டினாள். ஜன்னலும் கதவும் சாத்திய அறைக்குள், சுவர் கொடுத்த ஈரம் முழுவதையும் அலமாரி குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“அலமாரி போனா போகட்டும்மா,” என்றாள் அந்த அம்மா. “இந்த அடி டிராயர மட்டும் திறந்து குடுங்க. நாங்க ரெண்டு பேரும் இழுத்துப் பாத்துட்டோம். வரமாட்டேங்குது. அவ எழுதுன நோட்டெல்லாம் அதுலதான் இருக்கு.”

அவள் குனிந்து டிராயரின் பிடியை இழுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கப் பலகைகளும் உப்பி டிராயரை நடுவில் நெரித்திருந்தன. டிராயர் ஓடுகிற இரும்புச் சேனல் துருப்பிடித்துக் கெட்டித்திருந்தது. அதற்கு மேலே ஒரு நிலையான தட்டு. அந்தத் தட்டைக் கழற்றினால் மேலே இருந்து கையை விட்டு எடுத்துவிடலாம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பையில் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. ஆனால் புகார் பார்க்கப் போகிறவர் எதையும் கழற்றக் கூடாது என்பது விதி. கழற்றி ஏதாவது உடைந்தால் அதையும் நிறுவனத்தின் தலையில் கட்டுவார்கள் என்று மேலாளர் பத்து தடவையாவது சொல்லியிருக்கிறார்.

“சர்வீஸ் ஆளுங்க வருவாங்கம்மா. அவங்க திறந்து குடுத்துடுவாங்க,” என்றாள். வீட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சொல்கிற வார்த்தை அது. படிவத்தில் மூன்றாம் கட்டத்தில் டிக் போட்டாள். அதில் டிக் விழுந்தால் சர்வீஸ் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அம்மா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தாள். யாரும் வரவில்லையே, தேதி ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டாள். கோபமில்லாத குரல். அதுதான் அவளை உட்காரவிடவில்லை. பிளம்பராவது சரிசெய்தாரா என்று விசாரித்தாள். சுவரை உடைக்கக் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம், இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறதாம்.

அவள் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். ஏதாவது வழியில் ஒரு ஃபிட்டரை அனுப்ப முடியுமா என்று பார்க்கத்தான். ஏழு வருஷத்துக்கு முந்தைய அளவுத்தாள் அது. கீழே இருந்த கையெழுத்து அவளுடையது.

வீடு மறந்து போயிருந்தது. ஆயிரம் வீடு அளந்தவளுக்கு ஒரு வீடா ஞாபகம் இருக்கும். ஆனால் தாளைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக வந்தது. அப்போது பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை. சுவர் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ‘சுவர்: உலர்’ என்று அவள் எழுதியிருந்தது உண்மை. அதற்கு அடுத்த வரியில், ‘பின்புறம்: குளியலறை’ என்றும் அவள் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கும் அடுத்த வரியில், ‘பெட்டி, பின் பலகை: எம்.ஆர்.’

பாத்ரூம் சுவரில் சாய்கிற அலமாரிக்கு பி.டபிள்யூ.பி. போட வேண்டும், சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப்போக இடைவெளி விட வேண்டும், அடியில் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்க வேண்டும். இதையெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுத்தவளே அவள்தான். ஆனால் அந்த வாரம் தொழிற்சாலையில் பி.டபிள்யூ.பி. இருப்பு இல்லை. மாற்றி எழுதினால் மூன்று வாரம் தள்ளிப்போகும். அந்தக் குடும்பம் குடிவரத் தேதி குறித்துவிட்டது. விற்பனைப் பிரிவு போன் மேல் போன் போட்டது. படுக்கையறைதானே, துணி வைக்கிற அலமாரிதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. லேமினேட் மாதிரிகளை விசிறி போல விரித்துப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். வெளிர் ஊதாவைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் என்றாள். அவள் அம்மா கேட்டாள், “தண்ணி பட்டா தாங்குமாம்மா? உங்க கடையில கண்ணாடித் தொட்டித் தண்ணிக்குள்ள பலகையப் போட்டு வெச்சிருந்தீங்களே, அதானே இது?”

ஷோரூம் தொட்டியில் கிடந்தது பி.டபிள்யூ.பி. இது அதுவல்ல. அவள் அப்போது சொன்ன பதில் அவளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. “இது ஈரம் தாங்குற ரகம்தான்மா.”

அதுவும் பொய்யில்லை. ரகத்தின் பெயரே அதுதான். காற்றில் இருக்கிற ஈரத்தைத் தாங்கும். தண்ணீரைத் தாங்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, புருஷனின் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கம்பெனி ஆளாக வரவில்லை, டிராயரைத் திறக்க வந்தேன் என்று வாசலிலேயே சொன்னாள். அந்த அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அந்தப் பெண்ணின் அப்பாவும் எழுந்து பின்னால் வந்தார்.

டிராயருக்கு மேலிருந்த தட்டு நான்கு திருகில் நின்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். திருகுகள் பலகையைப் பிடிக்கவே இல்லை. நின்ற இடத்தில் சும்மா சுற்றின. இரண்டை விரலாலேயே பிடுங்கினாள். தட்டைச் சாய்த்துத் தூக்கி வெளியே வைத்தாள். வந்ததிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

உள்ளே நோட்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. ஐந்தோ ஆறோ. அடியில் இருந்தவை கறுத்து, களிமண் மாதிரி ஆகி, எடுக்கும்போது கையோடு பிய்ந்தன. மேலே இருந்த இரண்டும் இன்னும் நோட்டு வடிவத்தில் இருந்தன. ஆனால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மேல் நோட்டின் அட்டையை அந்த அம்மா மெதுவாகத் தூக்கினாள். பக்கம் முழுக்க நீல மை ஓடிக் கலங்கியிருந்தது. எழுத்து இருந்த இடம் தெரிந்தது, எழுத்து இல்லை.

ஓரத்தில் ஒரு மழைக்கோட்டு, வாங்கிய உறை பிரிக்காமல் இருந்தது. அதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“இத அவ ஒருநாள்கூட போட்டதில்ல,” என்றாள் அந்த அம்மா. “கிழவி மாதிரி இருக்குன்னு சொல்லுவா.”

அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாள். “நீங்க அன்னைக்கு வந்தப்பவே திறந்திருந்தா?”

யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கண் எதிரே அந்த மேல் நோட்டு இருந்தது. அடி நோட்டுகள் மாதக்கணக்கில் அழுகியவை. மேலே இருந்தவற்றின் மை புதிதாகக் கலைந்தது. காகிதம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

“மேல இருக்குற ரெண்டையாவது படிச்சிருக்கலாம்மா,” என்றாள்.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு சொல்ல வராது என்று அவளுக்குத் தெரிந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அளவெடுக்க வந்தது நான்தான், சுவருக்குப் பின்னால் பாத்ரூம் என்று எழுதிவிட்டு இந்தப் பலகையைப் போட்டதும் நான்தான், தொட்டியில் இருந்த பலகை இதுவா என்று நீங்கள் கேட்டபோது மழுப்பியதும் நான்தான் என்று சொன்னாள். வேறு பலகை போட்டிருந்தால் குழாய் கசிந்தாலும் பெட்டி நெரித்திருக்காது, டிராயர் திறந்திருக்கும் என்றாள்.

பாத்ரூம் பக்கத்திலிருந்து சுவருக்குள் நீர் இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

“இதச் சொல்லிட்டு நீங்க லேசாப் போயிடுவீங்க,” என்றாள் அந்த அம்மா. “இத வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?”

நோட்டுகளை வெயிலில் வைக்காதீர்கள், ஒட்டிய பக்கங்களை இழுக்காதீர்கள் என்று தனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்லிவிட்டுக் கருவிகளைப் பொறுக்கினாள். யாரும் வாசல் வரை வரவில்லை. படியிறங்கும்போது முட்டி வலித்தது. லேசாக ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் பழைய அறிக்கையை அடித்துவிட்டு வேறு எழுதினாள். முதல் கட்டத்தில் டிக் போட்டாள். காரணம் என்ற இடத்தில், ‘தவறான ரகம். அளவெடுத்தவர் நான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். குழாய் கசிவு குழாய் கசிவுதானே, உங்கள் கழுத்துக்கு நீங்களே ஏன் கயிறு போட்டுக்கொள்கிறீர்கள் என்று நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அவள் அறிக்கையைத் திரும்ப வாங்கவில்லை. அப்படியென்றால் இதே மாதிரிச் சுவர்களில் இன்னும் எத்தனை அலமாரி நிற்கிறது என்று அவர் கேட்டார். தாள்களைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். பார்க்க வேண்டாம் என்றார்.

பார்த்தாள். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டினாள். அவள் கையெழுத்திட்டதில் மட்டும் நாற்பத்துமூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, அலமாரியின் பின் பலகையைத் தொட்டுப் பாருங்கள், அடியில் கையை விட்டுப் பாருங்கள் என்று சொன்னாள். பாதிப்பேர் எதையோ விற்கிறாள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஐந்து வீட்டில் ஈரம் இருந்தது. பத்தொன்பதாவது போனுக்கு முன்பே விஷயம் மேலே போய்விட்டது. மீதியை வீட்டிலிருந்து செய்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

கிளம்புகிற வாரம் ஷோரூமுக்குப் போய், ஒரு எம்.ஆர். துண்டைக் கண்ணாடித் தொட்டிக்குள் மற்றதன் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தாள். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லையாம். அப்புறம் ஓரம் வாய்பிளந்து தண்ணீர் கலங்கியதும் எடுத்து எறிந்துவிட்டு, தொட்டியைக் கழுவிப் பழைய துண்டை மட்டும் திரும்ப வைத்தார்களாம். ஃபிட்டர் ஒருவன் போன் செய்து சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறுவனம் அந்த வீட்டுக்குப் புது அலமாரி செய்தது. முழுக்க பி.டபிள்யூ.பி., துருப்பிடிக்காத சேனல், அதே வெளிர் ஊதா. வண்டி போய்த் திரும்பி வந்தது. அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

இப்போது அவள் ஒரு பிளைவுட் கடையின் கவுண்டரில் நிற்கிறாள். சிங்குக்கு அடியில் எது, அடுப்புக்கு மேலே எது, எந்தச் சுவரில் எது என்று கேட்டுக் கேட்டுத்தான் பலகையை எடுத்துப் போடுவாள். அவசரத்தில் வருகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை. பலகை கேட்டால் ஜாதகம் கேட்கிறாள் என்று ஒரு தச்சர் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். போகட்டும் என்று முதலாளி சொல்லவில்லை. அவளை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, கடை எண்ணை எங்கிருந்தோ விசாரித்து ஒருவர் போன் செய்தார். குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அதுவரை அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா.

மேல் நோட்டுகள் இரண்டையும் நாளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, நடுவே வெள்ளைத்தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்தினாராம். எட்டு மாதம் ஆனதாம். படிக்க முடிந்தது மொத்தம் ஒன்றரைப் பக்கம். ஒரு பரீட்சை அட்டவணை, ஒரு தோழி திருப்பித் தர வேண்டிய புத்தகங்களின் பட்டியல், அப்புறம் முடியாத ஒரு வரி. அந்த வரியை அவர் படித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

“அத வைக்க ஒரு சின்னப் பெட்டி செய்யணும்மா,” என்றார். “எந்தப் பலகையில செஞ்சா நல்லது? உங்ககிட்ட கேக்கணும்னு என் வீட்டுக்காரிதான் சொன்னா.”

கவுண்டரில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“பலகை வேண்டாம் சார்,” என்றாள். “எந்தப் பலகையும் வேண்டாம். துருப்பிடிக்காத ஸ்டீல்ல, மூடி இறுக்கமா உக்கார்ற மாதிரி செய்யச் சொல்லுங்க. நீளம் எவ்வளவு, சொல்லுங்க.”

அவர் டேப்பை எடுத்து வருவதாகச் சொன்னார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.